75 அடிக் குளமும் கடிகாரத்தின் கணக்கும்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் வடகடலில் நீந்த முடியாது. ஆடி மாதக் காற்றில் தென்கடல் கலங்கினால் வடகடலுக்குப் போய்விடலாம். ஆனால் வாடையில் வடகடல் கரையெல்லாம் கலங்கி, பாசியும் சேறும் அலையோடு வந்து முகத்தில் அடிக்கும். இப்படிப்பட்ட மாதங்களில் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் உள்ள ஒரு தங்கும் விடுதியின் குளத்தில் மாதக் கட்டணம் கட்டி நீந்தத் தொடங்கினேன். கடலில் நீந்தும்போது எவ்வளவு தூரம் போனோம் என்பதைக் கரையில் தெரியும் பனைகளையும் வள்ளங்களையும் வைத்து மனத்தால் கணித்துக்கொள்வதுதான் என் வழக்கம். குளத்துக்கு வந்த பிறகுதான் நீச்சலைக் கணக்கிடும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டினேன். அதன் கணக்கை ஐந்து மாதம் அப்படியே நம்பினேன். அந்த ஐந்து மாதக் கணக்கில் எங்கே பிழை இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குளத்தில் இத்தகைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நீந்தும் யாருக்கும் இதே பிழைகள் நேரக்கூடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குளத்தில் நீந்தும்போது கடிகாரம் தூரத்தை அளப்பதே இல்லை. சாலையில் ஓடும்போது செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடத்தை அறியும் அதே கடிகாரம், Pool Swim என்ற வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்த வழியை விட்டுவிடுகிறது. ஜிபிஎஸ் சமிக்ஞை தண்ணீருக்குள் இறங்காது. மணிக்கட்டோ பாதி நேரம் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. கூரை இல்லாத குளமாக இருந்தாலும், இருபது முப்பது மீட்டருக்குள் போவதும் வருவதுமாக இருக்கும் ஒருவரை ஜிபிஎஸ்ஸைக் கொண்டு துல்லியமாக அளக்க முடியாது. ஆகவே கடிகாரம் வேறொரு வேலையைச் செய்கிறது. நாம் எத்தனை முறை சுவரில் திரும்பினோம் என்று எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையை, குளத்தின் நீளம் என்று நாம் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்குகிறது. திரையில் தெரியும் தூரம் என்பது இந்தப் பெருக்கலின் விடை மட்டுமே.

இதிலிருந்தே பிழை இரண்டு இடங்களில்தான் புக முடியும் என்பது விளங்கும். ஒன்று, நாம் கொடுத்த நீளம் தவறாக இருக்கலாம். மற்றொன்று, கடிகாரம் எண்ணிய எண்ணிக்கை தவறாக இருக்கலாம். என் விஷயத்தில் இரண்டுமே தவறாக இருந்தன. அதைவிட மோசம், ஒன்றின் தவறு மற்றொன்றின் தவறை மறைத்துக்கொண்டிருந்தது.

நீளத்திலிருந்து தொடங்குகிறேன். குளம் எத்தனை மீட்டர் என்று முதல் நாளே விடுதியின் மேலாளரிடம் கேட்டேன். "இருபத்தஞ்சு சார்" என்றார். கடிகாரத்தில் Pool Size என்ற இடத்தில் 25 மீட்டர் என்று ஏற்கெனவே இருந்ததால், ஒன்றும் மாற்றாமல் நீந்தத் தொடங்கினேன். ஐந்து மாதம் கழித்து, பாம்பனில் வள்ளம் வைத்திருக்கும் என் மாமா ஒரு நாள் என்னோடு குளத்துக்கு வந்தார். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. நான் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், முடித்து ஏறியதும், "எம்புட்டு நீந்துன?" என்று கேட்டார். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் என்றேன். குளத்தை ஒரு முறை கண்ணால் அளந்தார். பிறகு வண்டியிலிருந்த நைலான் கயிற்றை எடுத்துவந்து ஒரு முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறு சுவர் வரை இழுத்து, விறைப்பாக்கி, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். கடலில் ஆழம் பார்ப்பவர்கள் கயிற்றை அளப்பது போல, இரண்டு கைகளையும் விரித்து, நெஞ்சுக்குக் குறுக்கே பாகம் பாகமாக அளந்துகொண்டே வந்தார். "மாப்ள, பன்னெண்டரை பாகம். பதிமூணுகூட வரல" என்றார்.

ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 6 அடி. 25 மீட்டர் என்பது 82 அடி. அப்படியானால் பதின்மூன்றரை பாகத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும் என்பதால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், மறுநாள் கட்டட வேலைக்குப் பயன்படுத்தும் நீண்ட டேப் ஒன்றை இரவல் வாங்கிப் போய் அளந்தேன். சரியாக 75 அடி இருந்தது. இது தற்செயலான அளவு அல்ல. நம் ஊர்களில் வீடானாலும் குளமானாலும் மேஸ்திரியின் கணக்கு அடியில்தான் நடக்கிறது. 75 அடி என்பது 25 கெஜம். மேலாளர் பொய் சொல்லவில்லை. வரைபடத்தில் 25 என்று இருந்ததை அவர் 25 என்றே சொன்னார், அது மீட்டரா கெஜமா என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

25 கெஜம் என்பது 22.86 மீட்டர். நான் கொடுத்திருந்த 25 மீட்டருக்கும் இதற்கும் ஒரு நீளத்துக்கு 2.14 மீட்டர் வித்தியாசம். ஒரு முறை கடந்தால் அது ஒன்றுமில்லை. 40 முறை கடந்தால், கடிகாரம் 1000 மீட்டர் என்று காட்டும்போது நான் உண்மையில் கடந்திருப்பது 914.4 மீட்டர்தான். 3 கிலோமீட்டர் என்று நான் மகிழ்ந்த நாள்களில் 2743 மீட்டர்தான் நீந்தியிருக்கிறேன். அளவு முற்றிலும் பொருந்தாமல் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். வெளியூரில் ஒரு முறை 50 மீட்டர் குளத்தில் நீந்திவிட்டு வந்து, கடிகாரத்தில் அந்த 50-ஐ மாற்ற மறந்து இங்கே நீந்தியபோது, பத்தே நிமிடத்தில் தூரம் நம்ப முடியாத அளவுக்குப் போய்விட்டது, உடனே பிடித்துவிட்டேன். கடைசியாகக் கொடுத்த நீளத்தையே கடிகாரம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். ஆனால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பிழை அப்படிக் கண்ணில் படாது. நம் வேகம் கூடியிருக்கிறது என்றே மனம் அதை எடுத்துக்கொள்ளும்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குளத்தின் மேல் விளிம்புக் கல் பல இடங்களில் தண்ணீரின் பக்கமாக இரண்டு மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கல்லிலிருந்து அல்லாமல், நாம் உதைக்கும் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, நாம் நீந்தும் கோட்டிலேயே அளக்க வேண்டும். விடுதிக் குளங்களில் ஒரு மூலையில் படிக்கட்டு இறங்கும். படிக்கட்டில் கை தொட்டுத் திரும்புகிறவருக்கு நீளம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். போட்டிகளுக்கான 25 மீட்டர் குளத்தில் விதிப்படி நீளம் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையக் கூடாது, கூடினால் 3 சென்டிமீட்டர் வரை கூடலாம். விடுதிக் குளத்திடம் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அடியா, மீட்டரா, கெஜமா என்பது தெரிந்தாக வேண்டும்.

அளவு தெரிந்த பிறகு கடிகாரத்தில் என்ன கொடுப்பது என்ற கேள்வி வந்தது. குளத்தின் நீளத்தை நாமே கொடுக்கும் இடத்தில் என் கடிகாரம் முழு எண்ணை மட்டுமே ஏற்கிறது. 22.86-க்குப் பதிலாக 23 மீட்டர் என்று கொடுத்தால், 40 நீளத்துக்கு 920 என்று காட்டும், உண்மையைவிட 5.6 மீட்டர் அதிகம். அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை. மற்றொரு வழி, 25 yd என்று கொடுப்பது. அப்போது நீளம் துல்லியமாக இருக்கும், ஆனால் தூரமும் வேகமும் கெஜத்தில் தெரியும். நான் 23 மீட்டரைக் கொடுத்துவிட்டு, வீட்டில் நோட்டில் எழுதும்போது எண்ணிக்கையை 22.86 ஆல் பெருக்கி எழுதுகிறேன்.

இத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமா வந்த நாளின் பதிவை எடுத்து, திருத்திய நீளத்தால் மறுபடி கணக்குப் போட்டபோது புதிய குழப்பம் வந்தது. அன்று 40 நீளம் நீந்தினேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குளக்கரையில் 20 சிப்பிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு முறை போய்வந்ததும் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளுவது என் பழக்கம், அன்று 20 சிப்பிகளும் இந்தப் பக்கம் வந்திருந்தன. கடிகாரமோ 975 மீட்டர் என்று காட்டியிருந்தது. 25 ஆல் வகுத்தால் 39 நீளம். அந்த 39-ஐ 22.86 ஆல் பெருக்கினால் 891.5 மீட்டர் வருகிறது. உண்மையான தூரம் 914.4. திருத்தத்துக்கு முன் உண்மையைவிட 60 மீட்டர் அதிகமாக இருந்த கணக்கு, திருத்திய பிறகு 23 மீட்டர் குறைவாக ஆகிவிட்டது. நீளத்தில் இருந்த பிழை தூரத்தைக் கூட்டிக் காட்ட, எண்ணிக்கையில் இருந்த பிழை அதைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிரித்தறியவே முடியாது.

பிரித்தறிவதற்கு, கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு நீளத்தையும் தனி வரியாகக் காட்டும் பட்டியலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அந்த நீளத்துக்கு ஆன வினாடிகளும் கைவீச்சுகளின் எண்ணிக்கையும் இருக்கும். என் வழக்கமான வரி 32 வினாடி, 10 கைவீச்சு. ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதான். அன்றைய பட்டியலில் 17-ஆவது வரி 65 வினாடி, 21 கைவீச்சு என்று இருந்தது. 34-ஆவது வரி 64 வினாடி, 20 கைவீச்சு. 26-ஆவது வரியோ 14 வினாடி, 4 கைவீச்சு. அதற்கு அடுத்தது 19 வினாடி, 6 கைவீச்சு.

இந்த மூன்று இடங்களும் தங்கள் கதையைத் தாங்களே சொல்கின்றன. நேரமும் கைவீச்சும் சேர்ந்தே இரட்டிப்பானால், கடிகாரம் ஒரு திரும்பலைத் தவறவிட்டு இரண்டு நீளங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டது என்று பொருள். அடுத்தடுத்த இரண்டு வரிகளும் குட்டையாக இருந்து, அவற்றைக் கூட்டினால் வழக்கமான ஒரு வரி வருமானால், இல்லாத ஒரு திரும்பலைக் கடிகாரம் கண்டதாக நினைத்து ஒரு நீளத்தை இரண்டாக வெட்டிவிட்டது என்று பொருள். நேரம் மட்டும் கூடி, கைவீச்சு மாறாமல் இருந்தால் அது எண்ணிக்கைப் பிழை அல்ல, நாம் எங்கோ நின்று மூச்சு வாங்கியிருக்கிறோம். என் பட்டியலில் இரண்டு சேர்ப்பு, ஒரு வெட்டு. 40-இல் இரண்டு குறைந்து ஒன்று கூடினால் 39. கணக்கு நேர்ப்பட்டது. நீளப் பிழை எல்லா வரிகளிலும் ஒரே விகிதத்தில் இருக்கும், எண்ணிக்கைப் பிழை ஓரிரு வரிகளில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம்.

கடிகாரம் ஏன் திரும்பலைத் தவறவிடுகிறது? அதனுள் முடுக்கமானியும் ஜைரோஸ்கோப்பும் இருக்கின்றன. கண் இல்லாத அது, சுவரைப் பார்ப்பதில்லை. சீராக வந்துகொண்டிருந்த கைவீச்சு நிற்கிறது, கை திசை மாறுகிறது, சுவரை உதைத்ததால் உடல் சட்டென்று முன்னே தள்ளப்படுகிறது, பிறகு கைகளை நீட்டியபடி சிறிது நேரம் அசைவில்லாமல் வழுக்கிப் போகிறது, மீண்டும் கைவீச்சு தொடங்குகிறது. இந்த வரிசை மணிக்கட்டில் பதியும்போது ஒரு நீளம் முடிந்தது என்று கடிகாரம் எழுதிக்கொள்கிறது. சுவரில் கால் பதித்து உதைத்துத் திரும்பும் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்த வரிசை ஒவ்வொரு முறையும் அழுத்தமாகப் பதியும். கடலில் நீந்திப் பழகிய எனக்கு அது இல்லை. கடலில் உதைப்பதற்குச் சுவர் ஏது? திரும்ப வேண்டுமென்றால் கைவீச்சை விடாமலேயே வளைந்து திரும்புவோம். குளத்திலும் நான் அதையே செய்துகொண்டிருந்தேன். விரல் நுனி சுவரைத் தொட்டதும், உடலைச் சுருட்டி, உதைக்காமல், அடுத்த கைவீச்சைத் தொடங்கிவிடுவேன். அது கடிகாரத்துக்கு ஒரு தடுமாறிய கைவீச்சாகத்தான் தெரிந்திருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு காலையை ஒதுக்கினேன். உதைக்காமல், என் பழைய முறையிலேயே 10 நீளம் நீந்தினேன். கடிகாரம் 7 என்றது. பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு கால்களையும் சுவரில் பதித்து, பலமாக உதைத்து, கைகளைத் தலைக்கு மேல் சேர்த்து நீட்டி, மனத்துக்குள் இரண்டு எண்ணும் வரை அசையாமல் வழுக்கிச் சென்ற பிறகே முதல் கைவீச்சைப் போட்டேன். 10 நீளத்துக்கு 10 என்றே காட்டியது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கத் தேவையில்லை. கடிகாரத்தின் குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அது எதிர்பார்க்கும் அசைவை நான் கொடுக்காததால் வந்தது.

26-ஆவது வரியின் வெட்டுக்கும் காரணம் நினைவுக்கு வந்தது. குளத்தின் நடுவில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே குதித்தான். நான் கைகளை நிறுத்தி, பக்கவாட்டில் திரும்பி விலகி, கால்களை மட்டும் அடித்து அவனைக் கடந்து, மறுபடி நீந்தினேன். கைவீச்சு நின்றது, திசை மாறியது, உடல் முன்னே தள்ளப்பட்டது, மீண்டும் கைவீச்சு தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து பார்த்தால் திரும்பலுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். நடுவழியில் நின்று கண்ணாடியில் புகுந்த தண்ணீரை வடிப்பது, பாதி நீளத்தில் ஃப்ரீஸ்டைலிலிருந்து பிரஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறுவது ஆகியவையும் இதே பிழையைத் தரும். ஆகவே நீச்சல் முறையை மாற்ற வேண்டுமென்றால் சுவரில் மாற்றுவது நல்லது. பலகையைப் பிடித்துக்கொண்டு காலடிப் பயிற்சி செய்யும்போது கை அசைவே இல்லாததால், எத்தனை முறை போய்வந்தாலும் கடிகாரம் அதை நீச்சலாகவே எண்ணுவதில்லை. அதற்கென்று கையால் தூரத்தைச் சேர்க்கும் வசதி சில கடிகாரங்களில் உண்டு, இல்லாதவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓய்வெடுக்கும்போது பொத்தானை அழுத்தும் நேரமும் முக்கியம். சுவருக்கு இரண்டு கைவீச்சு தூரம் இருக்கும்போதே நீந்துவதை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் கடைசி நீளம் பதிவாகாமல் போகலாம். சுவரைத் தொட்டு, நின்று, பிறகு அழுத்த வேண்டும். அதேபோல் மீண்டும் கிளம்பும்போது முதலில் பொத்தானை அழுத்திவிட்டு, கையை நீட்டி, அதன் பிறகே உதைக்க வேண்டும். உதைத்துக்கொண்டே அழுத்தினால், உதையின் அடையாளம் பொத்தானைத் தேடும் கையின் அசைவில் கலைந்துவிடுகிறது.

இனி கைவீச்சு எண்ணிக்கை. என் வரிகளில் 10 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, உடன் நீந்தும் ஒரு தம்பி, தனக்கு 20 ஆகிறதே என்று கவலைப்பட்டார். அவர் தன் இரண்டு கைகளையும் மனத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். கடிகாரம் கட்டியிருப்பது ஒரு கையில்தான். மற்றக் கை என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஃப்ரீஸ்டைலில் என் கடிகாரம் அந்த ஒரு கையின் வீச்சை மட்டும் எண்ணுகிறது. ஆகவே 10 என்றால் இரு கைகளுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 20. உதைத்த பிறகு எந்தக் கை முதலில் விழுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே மாதிரி நீந்திய இரண்டு நீளங்களில் ஒன்று 10 என்றும் மற்றது 11 என்றும் வரும். அதைப் பார்த்து நீச்சல் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. பிரஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கைகளும் ஒன்றாகவே இயங்குவதால் கடிகாரத்தின் எண்ணிக்கையே முழு எண்ணிக்கை. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு நீச்சல் முறைகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

செயலியில் SWOLF என்று ஒரு எண்ணும் தெரியும். ஒரு நீளத்துக்கு ஆன வினாடிகளையும் கைவீச்சுகளையும் கூட்டினால் வருவது அது. எனக்கு 32-ம் 10-ம் சேர்ந்து 42. குறைந்தால் நல்லது என்பார்கள். ஆனால் குளத்தின் நீளம் மாறினால் வினாடியும் மாறும், கைவீச்சும் மாறும். உண்மையான 25 மீட்டர் குளத்தில் நான் இதே போல நீந்தினால் 35 வினாடியும் 11 கைவீச்சுமாக 46 வரும். நான் 42 என்பதை 25 மீட்டர் குளத்து நண்பரின் எண்ணோடு ஒப்பிட்டு ஐந்து மாதம் மனநிறைவோடு இருந்தேன். வேகமும் அப்படித்தான். அன்று நீந்திய 21 நிமிடம் 20 வினாடியை 975 மீட்டருக்குப் பங்கிட்டு, 100 மீட்டருக்கு 2 நிமிடம் 11 வினாடி என்று கடிகாரம் சொன்னது. 914.4 மீட்டருக்குப் பங்கிட்டால் 2 நிமிடம் 20 வினாடி.

ஒன்பது வினாடிக்காக இவ்வளவா என்று கேட்டார் விடுதி மேலாளர். எனக்கு அது பெரியதுதான். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடங்களில் நீந்தி வந்த கடல் என் வீட்டு வாசலில் இருக்கிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வாடை அடங்கியதும் வடகடலில் கரையோரமாக 3 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். குளத்தில் 3 கிலோமீட்டர் முடித்தவன் என்ற நம்பிக்கையில் இறங்கி, முடிக்காத 257 மீட்டரைக் கடலில் எதிர்கொள்வது நல்லதல்ல. அங்கே பிடித்துக்கொண்டு நிற்கச் சுவர் இல்லை, கூடவே மாமாவின் வள்ளம் வரும் என்றாலும்.

இப்போது பழைய பதிவுகளைத் திருத்தி முடித்துவிட்டேன். முதலில் ஒவ்வொரு நாளின் வரிப் பட்டியலையும் திறந்து, இரட்டித்த வரிகளைப் பிரித்து, வெட்டுப்பட்ட வரிகளைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிசெய்தேன். அதன் பிறகே 22.86 ஆல் பெருக்கினேன். வரிசையை மாற்றி, காட்டிய மொத்தத்தை நேராக 0.914 ஆல் பெருக்கியிருந்தால் எண்ணிக்கைப் பிழை அப்படியே உள்ளே தங்கியிருக்கும். 11 நாள்களின் பட்டியலில் மட்டும் நின்றதும் நடந்ததும் நீச்சல் மாற்றியதும் கலந்து, எது சேர்ப்பு எது வெட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த 11 நாள்களுக்கும் நோட்டில் தூரத்தின் கட்டத்தைக் காலியாக விட்டு, நீந்திய நேரத்தை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.